நாள் கணக்கில் சேராத ரத்தம்

மாதவிடாய்க்குத் தமிழில் சொற்களுக்குப் பஞ்சமில்லை. பூப்பு என்று இலக்கியம் சொல்லும். விலக்கு, தூரம், தீட்டு என்று வீடு சொல்லும். எங்கள் ஊரில் ‘தலைக்கு ஊத்தியிருக்கா’ என்றால் புரிந்துகொள்வார்கள். அளவுக்கு மீறிப் போனால் அதற்குப் பெரும்பாடு என்று பெயர் உண்டு, சித்த மருத்துவத்திலும் பாட்டிகளின் பேச்சிலும். நின்றுபோனால் அதற்கும் சொல் இருக்கிறது. ஆனால் ஒரு விலக்குக்கும் அடுத்த விலக்குக்கும் இடையில், எந்தக் கணக்கிலும் சேராமல் எட்டிப்பார்க்கும் ரத்தத்திற்கு என்ன பெயர்? பெண்கள் ‘லேசா படுது’ என்கிறார்கள். ‘கறை மாதிரி’ என்கிறார்கள். முனைவர் பட்டத்துக்காக ஏழு வருடம் சொற்களைத் தேடிக்கொண்டிருந்தவள் நான். என் நாற்பத்து மூன்றாவது வயதில் மருத்துவர் முன்னால் உட்கார்ந்து ‘லேசா படுது மேடம்’ என்றுதான் சொன்னேன்.

சொல் இல்லாததால் வரும் சிக்கல் சின்னதில்லை. ‘லேசா படுது’ என்பதைக் கேட்பவர் அவரவர் விருப்பப்படி நிரப்பிக்கொள்கிறார். என் விஷயத்தில் முதலில் நிரப்பியவர் எங்கள் துறையின் மூத்த பேராசிரியை. “நாப்பதுக்கு மேல இப்படித்தான் இருக்கும்டா, நிக்கப்போற அறிகுறி.” இரண்டாவது என் நாத்தனார். “உடம்பு சூடு அண்ணி. வெந்தயம் ஊறவச்சுக் குடிங்க.” மூன்றாவது ஒரு மருத்துவர். “ஹார்மோன்தான்.” மூன்று பேரும் சொன்னது ஏறக்குறைய ஒன்றுதான். உள்ளே யாரும் பார்க்கவில்லை.

எனக்குக் கையில் இருந்த ஒரே சான்று என் பாடக்குறிப்பு நோட்டு. அதன் பின்பக்கத்தில் விலக்கு நாளை எழுதிவைப்பது கல்லூரியில் படித்த காலத்திலிருந்தே பழக்கம். விலக்கு தொடங்கிய நாளை ஒன்று என்று வைத்து எண்ணினேன். முதல் மாதம் பதினேழாம் நாள் ஒரு பழுப்புக் கறை. அடுத்த மாதம் பன்னிரண்டாம் நாளும் பதின்மூன்றாம் நாளும், பிறகு இருபத்தொன்றாம் நாள் மறுபடியும். மூன்றாம் மாதம் பதினைந்தில் தொடங்கி பத்தொன்பது வரை, ஐந்து நாள் விடாமல். விலக்கு மட்டும் இருபத்தொன்பது நாளுக்கு ஒருமுறை, கடிகாரம் போல வந்துகொண்டிருந்தது.

இந்தக் கணக்கு எவ்வளவு பேசுகிறது என்பது பிறகுதான் விளங்கியது. கருமுட்டை வெளிவரும் சமயத்தில் சிலருக்குச் சொட்டு ரத்தம் படுவதுண்டு. அது சுழற்சியின் நடுவில், ஏறக்குறைய அதே நாளில், ஒன்றிரண்டு நாள் வந்து நிற்கும். என்னுடையது நாள் மாறிக்கொண்டே இருந்தது. மாதவிடாய் நிற்கப்போகும் காலத்துக் குழப்பமென்றால் பெரும்பாலும் விலக்கே முன்னும் பின்னும் தள்ளாடும். எனக்கு விலக்கு தள்ளாடவில்லை. சுழற்சி ஒழுங்காக இருந்து, நடுவில் மட்டும் ஒழுங்கில்லாமல் ரத்தம் பட்டால், ஹார்மோனைச் சந்தேகிக்கும் முன் கருப்பைக்குள்ளோ அதன் வாயிலோ ஏதாவது இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நோட்டின் ஒரு பக்கம் சொல்லிவிடக்கூடிய விஷயம் இது. அந்தப் பக்கத்தை முதல் மருத்துவர் வாங்கிப் பார்க்கவில்லை.

அவர் ஒரு ஸ்கேன் எழுதிக்கொடுத்தார். ஸ்கேன் சென்டரில் ஒரு லிட்டர் தண்ணீர் குடிக்கச் சொல்லி, சிறுநீர் முட்டும்வரை பெஞ்சில் உட்காரவைத்து, அடிவயிற்றில் ஜெல் தடவிப் பார்த்தார்கள். அன்று எனக்கு இருபத்திரண்டாம் நாள். கருப்பை சற்றுப் பருத்திருக்கிறது, உட்சுவர் 14 மில்லிமீட்டர் தடித்திருக்கிறது என்று அறிக்கை வந்தது. மருத்துவர் நோரெத்திஸ்டிரோன் மாத்திரையை இருபத்தொரு நாளைக்கு எழுதினார். சாப்பிட்டவரை ரத்தம் நின்றது. நிறுத்திய மூன்றாம் நாள் விலக்கு வந்தது. அது முடிந்து ஒன்பது நாளில் மறுபடியும் கறை. திரும்பப் போனபோது அவர் பேனாவை மூடிக்கொண்டே கேட்டார்: “குழந்தைங்க ரெண்டு இருக்குல்ல? அப்புறம் எதுக்கும்மா அதை வச்சுக்கிட்டுக் கஷ்டப்படுறீங்க? எடுத்துடலாம்.”

அந்த ‘எடுத்துடலாம்’ எனக்குப் பழக்கமான சொல். என் அம்மாவுக்கு முப்பத்தெட்டு வயதில் எடுத்தார்கள். எனக்கு அப்போது பதினான்கு. திண்டுக்கல்லில் ஒரு நர்சிங் ஹோம். அம்மா பத்து நாள் அங்கே இருந்தாள், மூன்று மாதம் தண்ணீர்க்குடம் தூக்கவில்லை, எனக்குத் தெரிந்தது அவ்வளவே. இப்போது போன் செய்து கேட்டேன்.

“உனக்கு என்னன்னு எடுத்தாங்கம்மா?”

“கட்டின்னாங்க.”

“என்ன கட்டி? எங்க இருந்துச்சு?”

“யாரு கண்டா. எனக்கு மயக்கம். உங்க அப்பாவைக் கூப்பிட்டுத் தட்டுல வச்சுக் காட்டினாங்களாம். அவருக்கு அதைப் பார்த்ததும் தலைசுத்தி உக்காந்துட்டாரு.”

அவளுக்கும் நடுவில் நடுவில் ‘பட்டுக்கிட்டு’ இருந்ததாம். அது என்னவென்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. தட்டில் இருந்ததை அப்பா பார்த்தார். இருபத்தொன்பது வருடம் கழித்து அதைச் சொல்ல அப்பாவும் இல்லை.

கர்ப்பப்பை நீக்கம் வேண்டவே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. புற்றுநோயில், அடங்காத ரத்தப்போக்கில், அது உயிரைக் காப்பாற்றும். என் கேள்வி வேறு. தேசியக் குடும்ப நல ஆய்வில், 2015-16 சுற்றில், பெண்களிடம் இந்த அறுவை சிகிச்சை பற்றித் தனியாகக் கேட்டார்கள். ஏன் எடுத்தீர்கள் என்றபோது அதிகமானோர் சொன்ன காரணம் மிகையான ரத்தப்போக்கும் வலியும். ரத்தப்போக்கு என்பது அறிகுறி. எதன் அறிகுறி என்று எத்தனை பேருக்குப் பார்த்துச் சொன்னார்கள்?

இரண்டாவது மருத்துவரிடம் என்னை அனுப்பியது என் மாணவி ஒருத்தி. அவளுடைய அக்கா அங்கே செவிலியர். அரசு மருத்துவமனையில் ஓய்வு பெற்ற பின் சின்ன கிளினிக் வைத்திருக்கும் அந்த அம்மா, நோட்டின் பின்பக்கத்தை வாங்கி நிதானமாகப் படித்தார். மாதத்தின் எந்த நாள், எத்தனை நாள், என்ன நிறம், உடலுறவுக்குப் பிறகு படுகிறதா, காப்பர்-டி இருக்கிறதா, ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று கேட்டார். நாற்பத்து மூன்று வயதுக்காரிக்குச் சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனை செய்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை. “விலக்கு வர்ற பொண்ணு யாரா இருந்தாலும் இதை முதல்ல கழிச்சிடணும்மா.” பிறகு, “முந்தி பார்த்தவங்க உள்ள கருவி வச்சுப் பார்த்தாங்களா?” என்றார். இல்லை என்றேன். மூன்று மாதம், ஒரு ஸ்கேன், இருபத்தொரு மாத்திரை ஆகியும் யாரும் என் கருப்பை வாயைக் கண்ணால் பார்த்திருக்கவில்லை.

ஸ்பெகுலம் என்பது வாத்தின் அலகு போன்ற கருவி. யோனிச் சுவர்களை விலக்கிப் பிடித்தால், விளக்கு வெளிச்சத்தில் கருப்பை வாய் நேராகத் தெரியும். வயிற்றின் மேல் வைக்கும் ஸ்கேனுக்குச் சுலபமாகத் தப்பிவிடுவது இங்கே ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். எனக்கும் தெரிந்தது. “வாயில ஒரு குட்டிப் பாலிப் தொங்குதும்மா” என்றார்.

பாலிப் என்பது சவ்வு தன் இடத்தில் அதிகமாக வளர்ந்து ஒரு காம்பில் தொங்கும் மெத்தென்ற சதைத் துணுக்கு. கருப்பை வாயில் வருவது செர்ரிப் பழம் போல, அல்லது உதடு கடித்தால் வரும் ரத்தக் கொப்புளம் போலச் சிவந்திருக்கும். தொட்டால் ரத்தம் கசியும். அதனால்தான் உடலுறவுக்குப் பிறகு படும். கிரேக்கத்தில் ‘பல கால்’ என்ற பொருளில் ஆக்டோபசுக்கு வைத்த பெயரிலிருந்து வந்த சொல்லாம். எனக்கென்னவோ ஆலமரத்து விழுதுதான் ஞாபகம் வருகிறது. கிளை தன் போக்கில் விட்ட ஒன்று, மரத்துக்குள்ளேயே தொங்குகிறது.

அவர் அதை அங்கேயே எடுத்தார். நுனியில் வளையம் வைத்த இடுக்கியால் காம்பைப் பிடித்து, நாலைந்து சுற்றுத் திருகினார். மயக்க மருந்து இல்லை. அடிவயிற்றில் ஒரு இழுப்பு, அவ்வளவுதான். காம்பு இருந்த இடத்தில் மருந்து தொட்டு வைத்தார். துணுக்கு ஃபார்மலின் புட்டிக்குள் போனது. கருப்பை வாய்ப் பாலிப்பில் புற்று இருப்பது மிக அரிது, நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. ஆனாலும் எடுத்ததைச் சோதிக்காமல் குப்பையில் போடக் கூடாது என்றார். அதே அமர்வில் பாப் ஸ்மியரும் எடுத்துக்கொண்டார்.

இந்தப் பகுதியைப் படிக்கும் பெண்களுக்கு ஒன்று. நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையங்களில் முப்பது வயதைக் கடந்த பெண்களுக்குக் கருப்பை வாயில் அசிட்டிக் அமிலம் தடவிப் பார்க்கும் பரிசோதனை இலவசமாக நடக்கிறது. அது புற்றுநோயின் முன்நிலையைத் தேடுவதற்கானது என்றாலும், அதற்கும் ஸ்பெகுலம் வைத்துத்தான் ஆக வேண்டும், வாயைப் பார்த்துத்தான் ஆக வேண்டும். யாருக்கும் தெரியாமல் தொங்கிக்கொண்டிருக்கும் பாலிப்பும் அப்போது கண்ணில் படும். ஆனால் அந்தப் பரிசோதனையோ பாப் ஸ்மியரோ நன்றாக இருக்கிறது என்று வந்தால், அது வாயைப் பற்றிய செய்தி மட்டும்தான். கருப்பையின் உள்ளறையைப் பற்றி அது எதுவும் சொல்லாது.

என் கதை அங்கே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். “ஒரு ரெண்டு மாசம் நோட்டுல எழுதுங்க. வாயில ஒண்ணு இருந்தா உள்ள இன்னொண்ணு இருக்க வாய்ப்பு உண்டு. ஒண்ணு கிடைச்சுடுச்சுன்னு தேடுறதை நிறுத்தக் கூடாது” என்றார் மருத்துவர். அடுத்த மாதம் பதினான்காம் நாளும் பதினெட்டாம் நாளும் எழுதினேன்.

“விலக்கு நின்ன மறுநாள் வாங்க” என்றார் போனில். “ஏன் மேடம் அந்த நாள்?” என்றேன். அவர் சொன்ன விளக்கம் எனக்குப் பிடித்திருந்தது. கருப்பையின் உட்சுவர் மாதம் முழுக்க ஒரே தடிமனில் இருப்பதில்லை. விலக்கோடு உரிந்து, முடிந்த கையோடு நாலைந்து மில்லிமீட்டர் மெல்லிய கோடாக இருக்கும். பிறகு நாளுக்கு நாள் வளர்ந்து, அடுத்த விலக்குக்கு முந்திய வாரத்தில் தடித்து, ஸ்கேன் திரையில் வெள்ளையாகப் பளிச்சென்று தெரியும். பாலிப்பும் திரையில் வெள்ளைதான். வெள்ளைத் துணியில் வெள்ளைப் பூ வேலை செய்தால் தெரியுமா? என்னை முதலில் இருபத்திரண்டாம் நாளில் ஸ்கேன் செய்தது அப்படித்தான். அந்த 14 மில்லிமீட்டர் நோயே இல்லை. அந்த நாளுக்கு அது இயல்பான அளவு. அதைத்தான் ‘தடித்திருக்கிறது’ என்று எழுதி, மாத்திரை கொடுத்து, எடுத்துவிடச் சொன்னார்கள்.

தொல்காப்பியத்தின் கற்பியலை நான் வருடாவருடம் நடத்துகிறேன். பூப்பு வந்தபின் பன்னிரண்டு நாள் கணவன் பிரிந்திருக்கக் கூடாது என்று அதில் கணக்கு உண்டு. குழந்தைக்கான கணக்கு என்பார்கள் உரைகாரர்கள். பெண்ணின் நாட்களை வம்சத்துக்காக இவ்வளவு நுட்பமாக எண்ணத் தெரிந்த சமூகம், அவளுடைய நோய்க்காக எண்ணத் தொடங்க எவ்வளவு காலம் எடுத்துக்கொண்டது என்று வகுப்பில் இப்போதெல்லாம் சொல்லாமல் விடுவதில்லை.

ஆறாம் நாள் போனேன். இந்தமுறை தண்ணீர் குடிக்க வேண்டாம், சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொன்னார்கள். இது யோனி வழி ஸ்கேன். விரல் தடிமனைவிடச் சற்றுப் பெரிய குழல், அதன் மேல் ஆணுறை, ஜெல். கருப்பைக்குப் பக்கத்திலேயே போய்ப் பார்ப்பதால் வயிற்றின் மேலிருந்து பார்ப்பதைவிடப் படம் தெளிவு. உட்சுவர் 5 மில்லிமீட்டர். அதற்குள் வெள்ளையாக ஒரு முட்டை வடிவம், 13 மில்லிமீட்டர். வண்ண டாப்ளரைப் போட்டதும் அதற்குள் ஒரே ஒரு ரத்தக்குழாய் கோடு போல ஓடியது. “அதான் காம்பு” என்றார் ஸ்கேன் செய்த பெண்.

அந்த ஒற்றைக் குழாயில்தான் இந்த ரத்தத்தின் காரணமும் இருக்கிறது. விலக்கின்போது உட்சுவர் மொத்தமும் ஹார்மோனின் சொல் கேட்டு ஒன்றாக உரிகிறது. பாலிப் அந்தச் சொல்லைச் சரியாகக் கேட்பதில்லை. உரியவேண்டிய நாளில் உரியாமல் நிற்கிறது. காம்பின் வழியாக நுனிவரை ரத்தம் ஒழுங்காகப் போய்த் திரும்பாதபோது, நுனி புடைத்து, புண்ணாகிக் கசிகிறது. அதற்கு நாள் கணக்கு கிடையாது. மாத்திரை தந்தால் சுற்றியுள்ள சுவர் அடங்கும், பாலிப் கரைந்துவிடாது.

இன்னும் உறுதி வேண்டுமென்று உப்புநீர் ஸ்கேனும் செய்தார்கள். நூல் போன்ற மெல்லிய குழாயைக் கருப்பை வாய் வழியாக விட்டு, ஐந்து பத்து மில்லி சலைன் செலுத்துகிறார்கள். ஒட்டிக்கிடக்கும் இரு சுவர்களும் விலகுகின்றன. கறுப்பு நீருக்கு நடுவில் பாலிப் தனியாக நிற்கிறது, மீன்தொட்டியில் கூழாங்கல் போல. விலக்கு வலி போல இரண்டு நிமிடம் இழுத்துப் பிடித்தது. தடித்த சுவரா, பாலிப்பா, சுவருக்குள்ளிருந்து முட்டும் நார்க்கட்டியா என்று பிரித்துச் சொல்ல இது உதவுகிறது. மூன்றுக்கும் வைத்தியம் வேறு.

இங்கே ஒரு பக்கக் கதை. என்னிடம் ஆய்வு செய்யும் ஒரு பெண்ணுக்கு இருபத்தொன்பது வயது. இதே மாதிரி நடுவில் படுகிறது என்று ஸ்கேனுக்குப் போனாள். வாசலில் கேட்ட முதல் கேள்வி, “கல்யாணம் ஆயிடுச்சா?” இல்லை என்றதும், வயிற்றின் மேல் பார்த்து, ஒன்றும் தெரியவில்லை என்று அனுப்பிவிட்டார்கள். அது ‘ஒன்றும் இல்லை’ ஆகாது. ஒரு பெண்ணிடம் கேட்கவேண்டியது தாலியைப் பற்றியல்ல. இந்தப் பரிசோதனை எப்படி நடக்கும் என்று சொல்லி, அவளுக்குச் சம்மதமா என்றுதான். சம்மதமில்லை என்றால் மலக்குடல் வழியாகவும் ஸ்கேன் பார்க்கலாம், வழி இல்லாமல் இல்லை. அவளை இரண்டாம் முறை நான் கூட்டிப்போனேன். அவளுக்குப் பாலிப் இல்லை, வேறு காரணம், அது அவள் கதை.

பழைய வழி ஒன்று உண்டு. நம் அம்மாக்கள் ‘டி அன் சி’ என்று சொல்லும் கருப்பையைச் சுரண்டும் சிகிச்சை. கருப்பை வாயை விரித்து, கரண்டி போன்ற கருவியால் உள்ளே சுரண்டி எடுப்பார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமல், கைப் பழக்கத்தில் செய்வது. சுவரில் ஒட்டியிருப்பது வரும். காம்பில் ஆடிக்கொண்டிருக்கும் பாலிப் கரண்டிக்கு வழிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். சுரண்டிய சதையைச் சோதித்து ‘இயல்பு’ என்று அறிக்கை வரும். பெண்ணுக்கு ரத்தம் தொடரும். அப்புறம் ‘எடுத்துடலாம்’. என் அம்மாவுக்கு முதலில் இரண்டு தடவை சுரண்டினார்கள் என்று இந்தக் கட்டுரைக்காகக் கேட்டபோதுதான் சொன்னாள்.

கருப்பைக்குள் கண்ணால் பார்ப்பது புதிய விஷயமும் இல்லை. 1869-இல் பந்தலியோனி என்ற மருத்துவர் ஒரு குழலை வைத்து ஒரு பெண்ணின் கருப்பைக்குள் பார்த்ததை எழுதினார். அவளுக்கு அறுபது வயது, விலக்கு நின்ற பிறகும் ரத்தம் பட்டுக்கொண்டிருந்தது. உள்ளே அவர் கண்டது ஒரு பாலிப். வெள்ளி நைட்ரேட்டால் அதைச் சுட்டார். ஹிஸ்டெரோஸ்கோப்பி என்று இன்று சொல்வதன் முதல் பதிவாக மருத்துவ வரலாறு இதைத்தான் குறிக்கிறது. மருத்துவரின் பெயர் எல்லாப் பாடநூல்களிலும் வருகிறது. அந்தப் பெண்ணின் பெயரை நான் எங்கும் பார்க்கவில்லை.

எல்லாப் பாலிப்பையும் எடுக்கவேண்டியதில்லை. ஒரு சென்டிமீட்டருக்குக் குறைவாக, தொந்தரவு தராமல், விலக்கு வரும் வயதில் இருப்பவை சில தாமாகவே மறைவதுண்டு. காத்திருந்து மறுபடி ஸ்கேன் பார்க்கலாம். விலக்கு நின்ற பிறகு ரத்தம் பட்டால் மட்டும் காத்திருக்கக் கூடாது. அந்த வயதில் புற்றுநோய்க்கான வாய்ப்பு கூடுதல், ஒரே ஒரு துளியானாலும் பார்க்க வேண்டும். மார்பகப் புற்றுக்குத் தமோக்சிஃபென் சாப்பிடும் பெண்களும் அப்படித்தான். என்னுடையது 13 மில்லிமீட்டர், ரத்தம் படுகிறது. எடுப்பதென்று முடிவானது.

சம்மதப் படிவத்தில் கணவர் கையெழுத்துக்கு ஒரு கட்டம் இருந்தது. “எனக்குத்தானே செய்றீங்க?” என்றேன். அலுவலகப் பெண், “வழக்கம் மேடம்” என்றாள். 2008-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த ஒரு வழக்கு உண்டு. நீடித்த விலக்கு ரத்தப்போக்குக்காக, உள்ளே பார்த்துச் சோதிப்பதற்குச் சம்மதித்து மயக்கத்தில் இருந்த நாற்பத்து நான்கு வயதுப் பெண்ணின் கருப்பையையும் சினைப்பைகளையும், வெளியே காத்திருந்த அவருடைய தாயிடம் சம்மதம் வாங்கி எடுத்துவிட்டார்கள். சோதனைக்குத் தந்த சம்மதம் அறுவைக்குத் தந்ததாகாது, சுயநினைவு திரும்பும்வரை காத்திருக்கக்கூடிய நிலையில் இன்னொருவர் அவளுக்காகச் சம்மதிக்க முடியாது என்று நீதிமன்றம் சொன்னது. மருத்துவர் அம்மா படிவத்தை வாங்கி, ‘பாலிப்பை மட்டும் நீக்குதல்’ என்று தன் கையால் எழுதி என்னிடம் நீட்டினார். கணவர் கட்டத்தில் ஒரு கோடு போட்டார்.

அதுவும் விலக்கு முடிந்த வாரத்தில், எட்டாம் நாள். முந்தின இரவிலிருந்து வெறும் வயிறு. நரம்பில் குறுகிய நேர மயக்கம். நான்கு மில்லிமீட்டர் அளவிலான குழலில் கேமராவும் விளக்கும். சலைன் ஓடிக்கொண்டே இருக்கும், கருப்பையை விரித்துப் பிடிக்க. பார்த்துக்கொண்டே காம்பின் அடியில் சிறு கத்திரியால் நறுக்கி எடுக்கிறார்கள். கருப்பையில் ஓட்டை விழுவது, கிருமித் தொற்று, சலைன் உடம்புக்குள் அதிகம் இறங்கிவிடுவது என ஆபத்துகளும் உண்டு, அரிது என்று முன்பே சொல்லியிருந்தார். இருபது நிமிடம். சாயங்காலம் வீட்டில் ரசம் சாதம் சாப்பிட்டேன். நாலு நாள் லேசான கசிவு.

பதிவு செய்த காட்சியைக் கேட்டு வாங்கினேன். இளஞ்சிவப்புக் குகை. இரண்டு மூலைகளிலும் இரண்டு சின்னக் கருப்புப் புள்ளிகள், கருக்குழாய்களின் வாய்கள். இரண்டும் தெரிந்தால்தான் அறை முழுவதையும் பார்த்ததாக அர்த்தமாம். இடது புள்ளிக்குக் கீழே பின்சுவரிலிருந்து அது தொங்கியது, நீரில் மெல்ல அசைந்துகொண்டு, மேலே ஒற்றை ரத்தக்குழாய் கிளைத்து ஓடியது. கத்திரி வந்தது. அது நகர்ந்து மிதந்தது. பிறகு குகை காலியாக இருந்தது. கணவர் பாதியில் எழுந்து போய்விட்டார். நான் மூன்று முறை பார்த்தேன்.

துணுக்கைச் சோதனைக் கூடத்துக்கு நானே எடுத்துப்போனேன். நம் ஊரில் சின்ன மருத்துவமனைகளில் ‘அட்டெண்டர் யாராவது இருக்காங்களா, இதைக் கொண்டு குடுத்துடுங்க’ என்று வீட்டுக்காரர் கையில் புட்டியைக் கொடுப்பது வழக்கம். மறுநாள் நான் போய் வாங்கினேன். மேலே என் பெயர், வயது, தேதி, ‘கருப்பை உட்சுவர்ப் பாலிப்’ என்று லேபிள் ஒட்டியிருக்கிறதா, ஃபார்மலினில் முழுதாக மூழ்கியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்த அம்மா, “என்னம்மா அது, ஊறுகாயா?” என்றார். “இல்லங்கம்மா, பாலிப்” என்றேன். “அப்படின்னா?” நாலு நிறுத்தம் வரை சொல்லிக்கொண்டு வந்தேன். அவருக்கு விலக்கு நின்று ஆறு வருடம் ஆகிறதாம். போன மாதம் இரண்டு நாள் பட்டதாம். மகனிடம் எப்படிச் சொல்வது என்று இருந்துவிட்டாராம். அவர் இறங்குவதற்குள் கிளினிக்கின் பெயரையும் மருத்துவர் இருக்கும் நேரத்தையும் பஸ் டிக்கெட்டின் பின்னால் எழுதிக் கொடுத்தேன். டிக்கெட்டைச் சுருக்குப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

அறிக்கை ஆறாம் நாள் வந்தது. புற்று இல்லை, செல்களில் மாறுபாடு எதுவும் இல்லை. பாலிப் மறுபடி வரலாம், பட்டால் நோட்டோடு வாருங்கள் என்றார் மருத்துவர். அம்மாவுக்குப் போன் செய்து படித்துக்காட்டினேன். தமிழில் சொல்லு என்றாள். சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், “அந்தப் படத்தை நான் வர்றப்ப போட்டுக் காட்டுறியா?” என்றாள்.